கூரை 18 டிகிரி குறைந்தது, அறை 2 டிகிரிகூடக் குறையவில்லை: மேல்மாடி வீட்டில் எங்கே பிழை என்று கண்டுபிடிப்பது எப்படி

பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஐந்து மாடி பிளாட் ஒன்றின் கடைசி மாடியில் என் அத்தை இருக்கிறார். படுக்கையறைக்கு நேர் மேலே தட்டையான கான்கிரீட் கூரை, அதற்கு மேலே வானம்தான். பிப்ரவரி மாதம், மழை குறைவான நாட்களில், அந்தக் கூரைக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பெயிண்டு இரண்டு கோட் அடித்தோம். ஒரு வாரம் கழித்து அத்தை போன் செய்தார்.

"தம்பி, மத்தியானம் மேலே போய்ப் பார்த்தேன். வெறுங்காலோட நடக்க முடியுது. ஆனா ரூம்ல மாட்டியிருக்கிற தெர்மாமீட்டர் 34லேருந்து 33க்குத்தான் வந்திருக்கு. அவ்வளவு காசு போட்டு ஒரு டிகிரியா?"

நான் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் மேல்மாடிக்காரர்கள் இதே கேள்வியைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். பெரும்பாலும் பெயிண்டில் பழுது இருக்காது. கூரையின் மேற்பரப்பு வெப்பம் ஒன்று, சிலிங்கின் அடிப்பரப்பு வெப்பம் இன்னொன்று, அறைக் காற்றின் வெப்பம் மூன்றாவது. மூன்றையும் ஒன்றென்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. சில வீடுகளில் உண்மையிலேயே பிழை இருக்கும். இது எது என்று பிரித்துக் காண, குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதியிருக்கிறேன்.

முதலில் அளக்கும் கருவி

இரண்டு கருவி போதும். ஒன்று, சாதாரண அறை வெப்பமானி. மற்றது, தூரத்திலிருந்து பரப்பின் வெப்பத்தைக் காட்டும் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி. கொவிட் காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அந்த மருத்துவக் கருவி இதற்கு உதவாது. அது மனித உடம்பின் வெப்ப அளவுக்குள் மட்டுமே வேலை செய்யும். 60 டிகிரிக் கூரையில் அது பிழைச் செய்தி காட்டும். ஹார்ட்வேர் கடையில் தொழில் வேலைக்கென்று விற்கும் துப்பாக்கியைக் கேளுங்கள்.

அறை வெப்பமானியைச் சுவரில் ஆணி அடித்து மாட்டக் கூடாது. சுவரின் சூட்டைத்தான் அது வாங்கும். அறையின் நடுவில், தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில், ஒரு நாற்காலி முதுகில் கயிறு கட்டித் தொங்க விடுங்கள். ஜன்னல் வெயில் அதன் மேல் படக் கூடாது. அத்தையின் வெப்பமானி மேற்குச் சுவரில், சிலிங்கிலிருந்து ஒரு முழம் கீழே மாட்டியிருந்தது. அது சொன்னது பாதி சுவரின் வெப்பம், பாதி மேலே தேங்கிய சூடான காற்றின் வெப்பம்.

துப்பாக்கி பரப்பை மட்டுமே பார்க்கும், காற்றைப் பார்க்காது. அறை நடுவே சும்மா நீட்டி அழுத்தினால் எதிரே இருக்கும் சுவரின் வெப்பம்தான் வரும். அப்புறம், தூரம் போகப் போக அது பார்க்கும் வட்டம் பெரிதாகும். 12:1 என்று எழுதியிருந்தால் 1.2 மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைச் சொல்கிறது என்று பொருள். கட்டிலில் நின்றுகொண்டு சிலிங்கை அளப்பது, கதவருகே நின்று சாய்வாக அளப்பதைவிட நல்லது.

"கூரை ஜில்லென்று ஆகிவிட்டது, அறை மட்டும் அப்படியே இருக்கிறது"

மிக அதிகமாக வரும் குறை இதுதான். அத்தை வீட்டின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பெயிண்டு அடிப்பதற்கு முன்னும் பின்னும், மேகம் இல்லாத இரண்டு நாட்களில் அளந்தேன். இரண்டு நாளும் மதியம் 2 மணிக்கு வெளியே நிழலில் ஏறக்குறைய 32.5 டிகிரி.

பழைய கருத்த கான்கிரீட்டின் மேற்பரப்பு அப்போது 58 டிகிரி. வெள்ளை அடித்த பிறகு 40. ஆக, 18 டிகிரி குறைவு. சிலிங்கின் அடிப்பக்கத்தை மாலை 5:30க்கு அளந்தேன். முன்பு 39.5, பிறகு 34. அங்கே 5.5 டிகிரி குறைவு. அதே நேரம் அறை நடுவே காற்று 34.3லிருந்து 32.6க்கு வந்தது. 1.7 டிகிரிதான்.

பதினெட்டு எப்படி ஐந்தரை ஆனது, ஐந்தரை எப்படி ஒன்றே முக்கால் ஆனது? இதைப் புரிந்துகொண்டால் மற்ற குறைகளைப் பிரிப்பது சுலபம்.

முதல் படி கான்கிரீட். கூரை 58 டிகிரிக்குப் போவது மதியம் இரண்டு மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் அது மெல்ல ஆறுகிறது. இரவில், வானம் தெளிவாக இருந்தால், வெளிக்காற்றைவிடவும் கொஞ்சம் குளிர்ந்துவிடும். 15 சென்டிமீட்டர் கனமான கான்கிரீட், இந்த ஏற்ற இறக்கத்தைக் கீழே அப்படியே கடத்துவதில்லை. தனக்குள் வாங்கி வைத்துக்கொண்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்து, உச்சியைத் தட்டையாக்கிக் கீழே விடுகிறது. அதனால்தான் கூரையை மதியம் அளந்தேன், சிலிங்கை மாலையில் அளந்தேன். மதியம் 2 மணிக்கே சிலிங்கை அளந்துவிட்டு "வித்தியாசமே இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் அளந்தது காலை வெயிலின் சூட்டை.

இரண்டாம் படி சிலிங்கிலிருந்து காற்று. இங்கேதான் பலருக்கு நம்பிக்கை போகிறது. சூடான காற்று மேலே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சிலிங் சூடாக இருந்தால் அதை ஒட்டிய காற்று சூடாகி அங்கேயே நிற்கும், கீழே இறங்காது. ஆகவே சிலிங் தன் சூட்டில் பெரும்பகுதியைக் காற்றுக்குக் கொடுப்பதில்லை. கதிர்வீச்சாக, நேராகத் தரைக்கும் கட்டிலுக்கும் படுத்திருக்கும் உங்கள் உடம்புக்கும் அனுப்புகிறது. காற்று அதற்கு அப்புறம்தான் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் சூடாகிறது. போதாததற்கு ஜன்னல் வழியாக வெளிக்காற்று வந்துகொண்டே இருக்கிறது. பகலில் வெளியே 32.5 டிகிரி என்றால், ஏர்கோன் போடாத அறை அதைவிட வெகுவாகக் கீழே போக வழியில்லை. கூரையிலிருந்து வரும் சூட்டை முழுக்க நிறுத்தினாலும் அறை வெளிக்காற்றின் பக்கத்தில்தான் போய் நிற்கும்.

இதனால்தான் நான் அத்தையிடம் வெப்பமானியை விட்டுவிட்டு வேறொரு கேள்வி கேட்டேன்: "மத்தியானம் மல்லாந்து படுத்தா முன்னாடி மாதிரி முகத்துல எரியுதா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்ல, அது போயிருச்சு" என்றார். நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 34 டிகிரி. சிலிங் 39.5 ஆக இருந்தபோது அது உடம்புக்குச் சூட்டைக் கொடுத்தது. 34க்கு வந்ததும் கொடுப்பது நின்றுவிட்டது. காற்று வெப்பமானிக்கு இந்த மாற்றம் தெரியாது. படுத்திருப்பவருக்குத் தெரியும்.

எனவே உங்கள் வீட்டில் கூரை 15 முதல் 20 டிகிரி, சிலிங் 4 முதல் 6 டிகிரி, காற்று 1 முதல் 2 டிகிரி என்று குறைந்திருந்தால், பெயிண்டு தன் வேலையைச் செய்கிறது. பழுது தேட வேண்டாம். கூரை குறைந்து சிலிங் குறையவே இல்லை என்றால்தான் அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. போன வாரம் 34, இந்த வாரம் 33 என்று ஒப்பிடாதீர்கள். போன வாரம் வெயில், இந்த வாரம் மேகம் என்றால் அந்த ஒரு டிகிரிக்கு அர்த்தமில்லை. அறையின் வெப்பத்திலிருந்து அதே நேரத்து வெளி நிழலின் வெப்பத்தைக் கழித்து, அந்த வித்தியாசத்தை ஒப்பிடுங்கள். கோலாலம்பூரில் இன்னொரு சிக்கல், பிற்பகல் மழை. மூன்று மணிக்கு இடி மழை பெய்தால் கூரையின் மேற்பரப்பு சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும். கான்கிரீட்டின் உள்ளே இருந்த சூடு மட்டும் கீழே வந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட நாளின் அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாலை வரை காய்ந்த நாளுக்குக் காத்திருங்கள்.

"கூரை குறைந்தது, சிலிங் குறையவில்லை"

முதலில், நீங்கள் சிலிங் என்று அளப்பது எது என்று பாருங்கள். கான்கிரீட்டின் அடிப்பக்கமா, அதற்குக் கீழே தொங்கவிட்ட பிளாஸ்டர் பலகையா? தட்டிப் பார்த்தால் சத்தத்தில் தெரியும். பலகை இருந்தால் நடுவில் காற்று இடைவெளி இருக்கிறது. அது ஏற்கெனவே கொஞ்சம் தடுத்துக்கொண்டிருந்திருக்கும். அதனால் பெயிண்டின் பலன் பலகையில் குறைவாகவே தெரியும். விளக்குக்கு வெட்டிய ஓட்டை இருந்தால் அதன் வழியே மேலே இருக்கும் கான்கிரீட்டை அளந்து பாருங்கள்.

அடுத்து, உங்கள் கூரை தட்டையா, ஓடு போட்ட சரிவுக் கூரையா? கோலாலம்பூரின் பழைய பிளாட்டுகள் பலவற்றில் மேல்மாடிக்கு மேலே ஓட்டுக் கூரையும் நடுவில் இருட்டான பரண் இடமும் உண்டு. அங்கே சூடு வரும் வழி வேறு. வெயிலில் காய்ந்த ஓடு கதிர்வீச்சாகப் பரணின் தரையைச் சுடும். ஓட்டுக்கு வெள்ளை அடித்தால் பலன் உண்டு. ஆனால் அதைவிடச் சுலபம், ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் கட்டுவது, அல்லது பரண் தரையில் கண்ணாடிக் கம்பளி விரிப்பது. தாளின் பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி, காற்று இடைவெளியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் சில மாதத்தில் தூசி படிந்து பளபளப்புப் போய்விடும், அதோடு பலனும் போய்விடும்.

மூன்றாவது, எவ்வளவு இடத்துக்கு அடித்தீர்கள்? தண்ணீர்த் தொட்டி, குழாய், ஏர்கோனின் வெளி யூனிட் இவற்றைச் சுற்றி விட்டுவிட்டு, படுக்கையறைக்கு மேல் பாதிதான் வெள்ளையாக இருக்கும். சிலிங்கை நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்தால் உடனே தெரியும். சூடு பெரும்பாலும் நேர் கீழேதான் இறங்குகிறது. கான்கிரீட்டுக்குள் பக்கவாட்டில் அதிக தூரம் பரவாது. அது ஒரு வகையில் நல்ல செய்தி: முழுக் கூரைக்கும் காசு இல்லை என்றால், படுக்கையறைக்கு மேலே மட்டும், நான்கு பக்கமும் அரை மீட்டர் கூட்டி அடித்தாலே அந்த அறைக்குப் பலன் கிடைக்கும்.

"வெள்ளிப் பெயிண்டு அடித்தேன், பளபளவென்று இருக்கிறது, ஆனால் கொதிக்கிறது"

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அளக்கும் கருவியே இங்கே ஏமாற்றும்.

ஒரு கூரை குளிர்ச்சியாக இருக்க இரண்டு குணம் வேண்டும். வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டும். வாங்கிய கொஞ்சச் சூட்டையும் கதிர்வீச்சாக வானத்துக்கு விட்டுவிட வேண்டும். நல்ல வெள்ளைப் பெயிண்டு புதிதில் வெயிலில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பும், சூட்டையும் தாராளமாக வெளியே விடும். அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பெயிண்டு வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பினாலும், வாங்கிய சூட்டை வெளியே விடுவதில் கஞ்சத்தனம் காட்டும். பளபளப்பான உலோகத்தின் இயல்பு அது. அதனால்தான் வெயிலில் கிடந்த எவர்சில்வர் தட்டைத் தொட முடிவதில்லை.

துப்பாக்கி பரப்பின் கதிர்வீச்சை வைத்துத்தான் வெப்பத்தைக் கணக்கிடுகிறது. பெரும்பாலான கருவிகள், பரப்பு சூட்டைக் கதிர்வீச்சாக வெளியே விடும் திறனைத் திரையில் `ε=0.95` என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். கான்கிரீட்டுக்கும் வெள்ளைப் பெயிண்டுக்கும் அது ஏறக்குறைய சரி. பளபளப்பான வெள்ளிப் பெயிண்டுக்கும் தகரத்துக்கும் தவறு. அங்கே கருவி தகரத்தைப் பார்க்காமல், அதில் எதிரொளிக்கும் குளிர்ந்த வானத்தைப் பார்த்துவிட்டு, உண்மையைவிடக் குறைவாகச் சொல்லும். கூரை 35 என்று கருவி காட்டும், கை வைத்தால் சுடும்.

சரி பார்ப்பது எளிது. பெயிண்டர்கள் ஓரம் ஒட்டுவார்களே, அந்தக் காகித மாஸ்கிங் டேப்பில் ஒரு சாண் எடுத்து உலோகத்தின் மேல் அழுத்தி ஒட்டுங்கள். பத்து நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளங்கள். டேப்பில் தெரியும் எண்தான் நம்பத்தக்கது. டேப்புக்கும் பக்கத்துத் தகரத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் வந்தால் உங்கள் பிரச்சினை என்னவென்று தெரிந்துவிட்டது. தீர்வு, அதன் மேல் உலோகத்துக்கு ஏற்ற பிரைமர் கொடுத்து வெள்ளை அடிப்பது.

"முதல் வருடம் நன்றாக இருந்தது, இப்போது பழையபடி சூடு"

இது உண்மையான பிழை, நம் ஊர்க் காலநிலையில் தப்பிக்க முடியாத பிழை. ஈரமும் வெயிலும் மாறி மாறி இருப்பதால் வெள்ளைக் கூரையில் கரும்பச்சைப் பாசி ஏறும். சாலை ஓரமாக இருந்தால் புகைக்கரியும் சேரும். தண்ணீர் தேங்கும் பள்ளங்களில் முதலில் கருக்கும். புதிதில் 80 சதவீதம் திருப்பிய பரப்பு, சில ஆண்டில் 60 சதவீதத்துக்கு வந்துவிடுவது சாதாரணம். கேட்பதற்குச் சிறிய மாற்றம் போலத் தெரியும். மறுபக்கத்திலிருந்து பாருங்கள்: முன்பு 20 சதவீத வெயிலை வாங்கிய கூரை இப்போது 40 சதவீதத்தை வாங்குகிறது. வாங்கும் சூடு இரண்டு மடங்கு.

மறுபடி பெயிண்டு வாங்கும் முன் ஒரு சோதனை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடத்தை மட்டும் தேய்த்துக் கழுவுங்கள். மறுநாள் மதியம் ஒரு மணி வாக்கில், காய்ந்த பிறகு, கழுவிய கட்டத்தையும் பக்கத்து அழுக்கையும் அளங்கள். கழுவிய இடம் ஐந்து டிகிரிக்கு மேல் குறைவாக இருந்தால் உங்களுக்குத் தேவை துடைப்பம்தான், பெயிண்டு இல்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தால் பெயிண்டு படலமே தேய்ந்துவிட்டது, மறுபடி அடிக்க வேண்டும்.

கழுவ நைலான் தூரிகையும் தண்ணீரும் போதும். பாசி பிடிவாதமாக இருந்தால் துணி வெளுக்கும் குளோரின் திரவத்தை நிறையத் தண்ணீரில் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டு நன்றாக அலசுங்கள். டாய்லெட் கழுவும் அமிலத்தை அதனோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். அதிக அழுத்தத் தண்ணீர்த் துப்பாக்கியை ஒரே இடத்தில் பிடித்தால் படலம் கிழிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை கழுவினால் போதும். வெயில் நாட்கள் தொடங்கும் முன் கழுவுவது நல்லது. பினாங்கில் அது டிசம்பர் கடைசி.

"பெயிண்டு கொப்பளித்து உரிகிறது"

கான்கிரீட்டுக்குள் ஈரம் இருக்கும்போது அடித்திருக்கிறார்கள். வெயில் பட்டதும் ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் படலத்தைத் தூக்கும். அடிப்பதற்கு முந்தின நாள் மாலை ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். மறுநாள் தாளின் அடியில் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. ஒழுகல் இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும். வெள்ளைப் பெயிண்டு எல்லாமே நீர்த்தடுப்பு ஆகிவிடாது, சுவருக்கு அடிக்கும் சாதாரண எமல்ஷனோ தேங்கும் தண்ணீரில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளாட்டின் கூரை பொதுவாக உங்கள் சொத்து இல்லை, எல்லோருக்கும் பொதுவானது. 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் (சட்டம் 757) அதைப் பராமரிப்பது ஜேஎம்பி அல்லது எம்சி என்ற கட்டட நிர்வாக அமைப்பின் பொறுப்பு. எழுத்தில் அனுமதி வாங்காமல் ஏறி அடித்தால், நாளைக்கு எங்காவது ஒழுகினாலும் பழி உங்கள் மேல் வரும். கடிதத்தோடு கூரையிலும் சிலிங்கிலும் எடுத்த அளவுகளைக் கொடுங்கள். எண் இருந்தால் கமிட்டியில் பேச்சு வேகமாக நகர்கிறது. முடிந்தால் நீர்த்தடுப்பு வேலை வரும் ஆண்டோடு சேர்த்து, மேல் கோட்டை வெள்ளையாகக் கேளுங்கள். கூலி ஒரு முறையோடு போகும்.

"ஏர்கோன் பில் குறையவில்லை"

மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் அறை என்றால் கூரை 12 சதுர மீட்டர். வெறும் கான்கிரீட் கூரையில், நான் போட்ட கணக்குப்படி, வெள்ளை அடிப்பதால் நாள் முழுவதும் சராசரியாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 15 வாட் சூடு குறையும். அறைக்கு 180 வாட், நாளைக்கு 4 யூனிட்டுக்குச் சற்று மேலான சூடு. ஆனால் ஏர்கோன் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று யூனிட் சூட்டை வெளியே தள்ளும். ஆகவே 24 மணி நேரமும் ஓடினால்தான் நாளைக்கு ஒன்றரை யூனிட் மிச்சம். இரவு எட்டு மணி நேரம் மட்டும் போடும் வீட்டில் ஒரு யூனிட்டுக்குள்தான் இருக்கும். ஒரு மாதப் பில்லில் அதைத் தேடினால் மற்ற செலவுக்குள் மறைந்துவிடும். பில்லைக் காட்டிலும் நல்ல அளவுகோல், அறை 26 டிகிரிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்பது. அதைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

பில்தான் முக்கியம் என்பவர்களுக்கு, வெள்ளைப் பெயிண்டோடு நுரைப் பலகை போன்ற வெப்பக் காப்பும் சேர வேண்டும். மலேசியாவின் எம்எஸ் 1525 தரம் கனமான கூரைக்குச் சொல்லும் வெப்பக் கடத்தல் அளவு 0.6க்கு மேல் போகக் கூடாது என்பது. வெறும் 15 சென்டிமீட்டர் கான்கிரீட்டுக்கு அது 3க்கு மேல் இருக்கும். பெயிண்டு இந்த எண்ணை மாற்றுவதில்லை. அது கூரையின் மேல் விழும் சுமையை மட்டும் குறைக்கிறது.

"பகலில் பரவாயில்லை, இரவு ஒன்பது மணிக்குத்தான் அவிகிறது"

அத்தையின் இரண்டாவது போன் இதைப் பற்றித்தான். "மத்தியானம் நல்லாத்தான் இருக்கு. ராத்திரி சாப்பிட்டுட்டுப் படுக்கப் போனா சூளை மாதிரி இருக்கு தம்பி."

இரவில் போய் அளந்தேன். ஒன்பது மணி. வெளியே 27.5 டிகிரி. அறைக் காற்று 31.5. சிலிங் 31.5. தரை 31. மேற்குச் சுவர் 35.

எண்கள் தாமே பேசின. பெயிண்டு அடிப்பதற்கு முன்பு சிலிங்தான் அறையிலேயே சூடான பரப்பாக இருந்தது. இப்போது அது காற்றோடு சமமாகிவிட்டது, அதனிடமிருந்து உடம்புக்கு எதுவும் வரவில்லை. இதுவரை சிலிங்கின் சூட்டில் மறைந்திருந்த மேற்குச் சுவர் முன்னே வந்துவிட்டது. பிற்பகல் முழுவதும் வெயில் வாங்கிய செங்கல் சுவர், கூரையைப் போலவே, சில மணி நேரம் கழித்து உள்ளே விடுகிறது. கட்டில் தலைமாடும் அந்தச் சுவரோடு ஒட்டியிருந்தது.

இரவுக் குறைக்கு இந்த அளவெடுப்புதான் வழி. ஒன்பது மணிக்குச் சிலிங், நான்கு சுவர், தரை, உள்காற்று, வெளிக்காற்று என்று எட்டு எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். உள்காற்றைவிட மூன்று டிகிரி அதிகமாக எந்தப் பரப்பு இருக்கிறதோ, குற்றவாளி அதுதான். சிலிங் என்றால் கூரைக்குத் திரும்பிப் போங்கள். சுவர் என்றால் அந்தச் சுவரின் வெளிப்பக்கத்துக்கு வெளிர் நிறம் அல்லது நிழல். எந்தப் பரப்பும் அப்படி இல்லை, ஆனால் வெளியே 27, உள்ளே 31 என்றால், காற்று மாறவில்லை என்று பொருள்.

அத்தை வீட்டில் கடைசி இரண்டும் சேர்ந்திருந்தன. கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே நாக்கோ ஜன்னலை மூடிவிடுவார். காத்தாடி ஓடியது, ஆனால் அது சிலிங்கை ஒட்டிய சூடான காற்றை எடுத்துத் திருப்பித் திருப்பிக் கட்டிலில் கொட்டியது. வெளியே நான்கு டிகிரி குளிர்ந்த காற்று சும்மா நின்றது.

சுவரின் வெளிப்பக்கம் ஐந்தாவது மாடி. அங்கே பெயிண்டு அடிக்கச் சாரம் வேண்டும், அது ஜேஎம்பி முடிவு செய்ய வேண்டியது. அதற்கு மனு கொடுத்திருக்கிறோம். அதுவரைக்கும் செய்ய முடிந்ததைச் செய்தோம். கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து கிழக்குப் பக்கம் தள்ளிப் போட்டோம். நாக்கோ ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தோம். சமையலறை ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் காத்தாடி வைத்து, படுக்கையறைக் கதவைத் திறந்து விட்டு, எட்டரை மணிக்கு அதைப் போடச் சொன்னேன். காற்று படுக்கையறை ஜன்னல் வழியே உள்ளே வந்து, வீட்டைக் கடந்து, சமையலறை வழியே வெளியேறியது. பகலில் அதைப் போடக் கூடாது என்பதையும் தாளில் எழுதி ஒட்டினேன். பகலில் போட்டால் வெளியே இருக்கும் 32 டிகிரிக் காற்றைத்தான் உள்ளே இழுக்கும்.

அடுத்த வாரம் இரவு பத்து மணிக்கு அத்தையே அளந்து போனில் வாசித்தார். வெளியே 27, உள்ளே 28.5, மேற்குச் சுவர் 33.